ஒரு நாளுக்கு ஒரே கட்டணம் என்றார்களே?

கேள்வி: ஐயா, பரந்தனில் விதைநெல் கடை வைத்திருக்கிறேன். காலபோகத்துக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப ஒரு சேவை நிறுவனத்தில் இணைந்தேன். ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு ஒரே கட்டணம் என்றார்கள். பில்லோ செய்திக்குச் செய்தி ஏறுகிறது. எங்கே பிழை?

பதில்: அவர்கள் சொன்னது பழைய முறை. முன்பு ஒருவருக்கு ஒரு டெம்ப்ளேட், அதாவது வட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற செய்தி, அனுப்பினால் 24 மணி நேர உரையாடல் ஒன்று திறக்கும். அதற்குள் அதே வகையில் எத்தனை அனுப்பினாலும் கட்டணம் ஒன்றுதான். 2025 ஜூலை 1 முதல் அந்த முறை இல்லை. இப்போது போய்ச் சேரும் ஒவ்வொரு டெம்ப்ளேட்டுக்கும் தனித்தனியே கட்டணம் விழுகிறது. காலையில் "லொறி புறப்பட்டுவிட்டது", மாலையில் "மூடைகள் வந்துவிட்டன" என்று இரண்டு அனுப்பினால், இரண்டுக்கும் செலுத்த வேண்டும்.

ஆனால் 24 மணி நேரக் கணக்கு வேறோர் இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் பணத்தை மிச்சப்படுத்தப் போவது அதுதான். வாடிக்கையாளர் உங்களுக்கு எழுதினால், அந்த நொடியிலிருந்து 24 மணி நேரம் நீங்கள் இயல்பாக எழுதும் பதில்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு விவசாயி திங்கள் இரவு 7.10க்கு "என்ர விதைநெல் எப்ப வரும்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். செவ்வாய் மாலை 6 மணிக்கு மூடைகள் இறங்கியதும் அவருக்கு எழுதினால் செலவு இல்லை. முன்பதிவு நிலையை மட்டும் சொல்லும் டெம்ப்ளேட் அனுப்பினாலும் அந்த நேரத்துக்குள் இலவசமே. இரவு 8 மணிக்கு எழுதினாலோ சாதாரணச் செய்தி போகாது, 131047 என்ற பிழை எண் திரையில் வரும். பிறகு கட்டண டெம்ப்ளேட்தான் வழி. நீங்கள் இடையில் பதில் எழுதியதால் நேரம் நீளாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் செவ்வாய் காலை 9 மணிக்கு "சரி" என்று ஒரு சொல் அனுப்பியிருந்தால் மட்டுமே புதன் காலை 9 வரை நீண்டிருக்கும். ஆகவே, "எத்தனை மூடை ஏற்ற வேண்டும்?" என்பதுபோல் அவர் மறுமொழி எழுதவேண்டிய கேள்வியோடு உங்கள் செய்தியை முடியுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மூடை வந்த செய்தியின் அடியில் "உரத்துக்கு விலைக்கழிவு உண்டு" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அது விளம்பர வகைக்கு மாற்றப்படும். இலங்கை எண்களுக்கு விளம்பர டெம்ப்ளேட்டின் கட்டணம் தகவல் டெம்ப்ளேட்டைவிடப் பல மடங்கு, அதுவும் 24 மணி நேரத்துக்குள் அனுப்பினாலும் விலக்கில்லை. என் கணிப்பில் உங்கள் பில்லின் பெரும்பகுதி இந்த ஒரு வரியால் வந்திருக்கலாம்.

கட்டணம், செய்தியைப் பெறுபவரின் நாட்டு எண்ணைப் பொறுத்தது. தகப்பனுக்காகப் பிள்ளை கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ பதிவு செய்திருந்தால், அந்நாட்டு விலையே விழும். அப்படியானவர்களிடம் ஊரிலுள்ள எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பிறகு சேவை நிறுவனத்திடம், வகைவாரியாகச் செய்தி எண்ணிக்கையையும் அந்நிறுவனத்தின் மாதக் கட்டணத்தையும் பிரித்துக் காட்டும் பில்லைக் கேளுங்கள்.