வெல்டிங் ரோபோ வந்த பிறகு மகனை வெல்டர் பிரிவில் சேர்க்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரகடம் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கும் உங்கள் கணவர், நாளை தன் இடத்தைப் பிடிக்கக்கூடிய ரோபோ கைக்குத் தாமே வெல்டிங் பழக்குகிறார். இந்த நிலையில் மகனை ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் சேர்ப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அவர் என்னிடம் விவரித்த ஓர் இரவையே விடையாகச் சொல்கிறேன்.

ரோபோவுக்குப் பாதை பழக்கும் கைக்கருவியான டீச் பெண்டன்ட்டின் பின்புறப் பொத்தானைப் பாதி அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு, ரோபோ கையின் நுனியிலுள்ள வெல்டிங் டார்ச்சைத் தகடுகளின் இணைப்பின் மேல் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியாக அவர் பதிந்தார். பொத்தானை விட்டாலும் இறுக்கினாலும் ரோபோ கை நின்றுவிடும். கற்பிக்கும் நிலையில் அது நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் நகராது. முதலில் வந்த பிராக்கெட்டுகள் நன்றாகவே இருந்தன. நள்ளிரவு கடந்ததும் தகட்டில் ஓட்டை விழத் தொடங்கியது. உடனிருந்த இளைஞர் கரண்ட்டைக் குறைத்தார். ஓட்டை நின்றது, ஆனால் ஒரு பிராக்கெட்டை வெட்டி அமிலம் தடவிப் பார்த்தபோது உலோகம் உள்ளே உருகிச் சேரவில்லை என்று தெரிந்தது.

உங்கள் கணவர் இணைப்புக்குள் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். புதிதாக வந்த தகடுகள் வளைத்த பிறகு சற்றே விரிந்திருந்ததால், ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் இடைவெளி இருந்தது. கையால் வெல்டிங் செய்பவர் உருகிய உலோகக் குழி அமிழ்வதைப் பார்த்து டார்ச்சை விலக்கிக்கொள்வார். சென்சார் இல்லாத அந்த ரோபோவோ பதிந்த பாதையிலேயே போகும். அவர் கிளாம்ப்பைச் சரிசெய்து இடைவெளியைக் குறைத்து, கரண்ட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, அந்தப் பகுதியில் மட்டும் டார்ச் பக்கவாட்டில் அசைந்து செல்லுமாறு நிரலை மாற்றினார். மறுபடியும் ஒன்றை வெட்டிப் பார்த்த பிறகே உற்பத்தியைத் தொடர விட்டார்.

ரோபோவுக்குப் போய்ச் சேர்ந்தது பாதை மட்டுமே. கோளாறின் காரணத்தைக் கண்டுபிடித்த அறிவு அவரிடமே இருக்கிறது. ஆயினும் இப்படிப்பட்ட ஒருவரே பல ரோபோக்களைக் கவனிக்க முடியும் என்பதால், அந்த வரிசையில் நிற்கும் எல்லா வெல்டர்களுக்கும் வேலை நீடிக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பாகத்தை வைத்துப் பொத்தானை அழுத்துவது மட்டுமே தெரிந்தவரின் நிலை இன்னும் பலவீனமானது.

ஆகவே பெண்டன்ட்டை இயக்க மட்டும் கற்றுத்தரும் குறுகிய காலப் பயிற்சியில் மகனை நேரே சேர்க்காதீர்கள். ஓராண்டு வெல்டர் பிரிவை முதலில் முடிக்கட்டும். அதன்பின் தொழில்துறை ரோபோடிக்ஸ் பிரிவில் இன்னோர் ஆண்டு படிக்கலாம். சேர்க்கும் முன் பயிற்சிக்கூடத்துக்கு உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்கள் உண்மையான தகட்டில் ரோபோவைக் கொண்டு வெல்டிங் செய்கிறார்களா, கணினித் திரையிலேயே பயிற்சி முடிந்துவிடுகிறதா, பற்றவைத்த துண்டை வெட்டிச் சோதிக்கிறார்களா என்று அவரே கேட்கட்டும்.