பூஜ்ஜியங்களைக் கூட்டினால் 1/3 எப்படி வரும்?

"சார், நான் பன்னிரண்டாம் வகுப்பு. வரையறுத்த தொகை நடத்துகிறார்கள். y = x² வளைவரைக்குக் கீழே 0 முதல் 1 வரை இருக்கும் பரப்பைச் செவ்வகமாக வெட்டிக் கூட்டு, அகலத்தைக் குறைத்துக்கொண்டே போ என்கிறார்கள். அகலம் பூஜ்ஜியம் ஆனால் செவ்வகத்தின் பரப்பும் பூஜ்ஜியம்தானே? பூஜ்ஜியங்களைக் கூட்டினால் 1/3 எப்படி வரும்? வருகிற விடை சரியான விடையா, இல்லை கிட்டத்தட்டத்தானா?"

அகலம் எந்தக் கட்டத்திலும் பூஜ்ஜியம் ஆவதில்லை. 10 பட்டை போட்டால் ஒவ்வொன்றின் அகலமும் 1/10. ஆயிரம் போட்டால் 1/1000. கோடி போட்டாலும் கோடியில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். அகலம் குறைகிற அதே கணக்கில் பட்டைகளின் எண்ணிக்கை கூடுவதால், எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி வைத்தால் மொத்த அகலம் எப்போதும் 1தான். ஆகவே பூஜ்ஜியங்களைக் கூட்டும் நிலைமையே வராது. "அப்படியானால் விடை தோராயம்தானே" என்று உடனே கேட்பீர்கள். அதற்குத்தான் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு கிராஃப் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

y = x² என்ற வளைவரையை x = 0 முதல் x = 1 வரை வரையுங்கள். 10 சென்டிமீட்டரை ஓர் அலகாக வைத்துக்கொண்டால், 10 செ.மீ. சதுரத்துக்குள் வளைவரை இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலையில் முடியும். அடிப்பக்கத்தை 4 சம பாகமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையும் இரண்டரை செ.மீ. அகலம். வளைவரை ஏறிக்கொண்டே போவதால், ஒரு பட்டைக்குள் அது மிகத் தாழ்வாக இருப்பது இடது ஓரத்தில், மிக உயரமாக இருப்பது வலது ஓரத்தில்.

வலது ஓர உயரத்தை எடுத்துச் செவ்வகம் போட்டால் உயரங்கள் 1/16, 4/16, 9/16, 16/16. இவற்றின் கூட்டுத்தொகை 30/16. அகலம் 1/4 என்பதால் பரப்பு 30/64, அதாவது 0.46875. செவ்வகங்கள் வளைவரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதால் இது உண்மைப் பரப்பைவிட அதிகம். இடது ஓர உயரத்தை எடுத்தால் 0, 1/16, 4/16, 9/16; பரப்பு 14/64, அதாவது 0.21875. இது குறைவு. உண்மைப் பரப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இப்போதுதான் கத்தரிக்கோல். ஒவ்வொரு பட்டையிலும் சின்னச் செவ்வகத்துக்கும் பெரிய செவ்வகத்துக்கும் இடையே இருக்கிற துண்டை மட்டும் வெட்டி எடுங்கள். நான்கு துண்டுகள் கிடைக்கும். எல்லாம் இரண்டரை செ.மீ. அகலம், உயரங்கள் 0.625, 1.875, 3.125, 4.375 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். சரியாக 10 செ.மீ. உயரத்தில் ஒரே தூணாக நிற்கும். ஒரு துண்டு முடிகிற உயரத்தில்தானே அடுத்தது தொடங்குகிறது! நமக்கு இன்னும் தெரியாத பரப்பு முழுவதும் இந்தத் தூணுக்குள் அடக்கம். எத்தனை பட்டை போட்டாலும் தூணின் உயரம் 10 செ.மீ.தான். அகலம் மட்டும் ஒரு பட்டையின் அகலம். 10 பட்டை போட்டால் தூண் 1 செ.மீ. அகலம். 100 போட்டால் ஒரு மில்லிமீட்டர், அதாவது கிராஃப் தாளின் மிகச் சிறிய கட்டம். 1000 போட்டால் அந்தத் தாளின் தடிமன் அளவுக்கு வந்துவிடும்.

எண்களாகப் பார்த்தால்:

10 பட்டை: 0.285க்கும் 0.385க்கும் நடுவில்
100 பட்டை: 0.32835க்கும் 0.33835க்கும் நடுவில்
1000 பட்டை: 0.3328335க்கும் 0.3338335க்கும் நடுவில்

சரி, இதில் துல்லியம் எங்கே வருகிறது? உங்கள் நண்பர் ஒருவர் "பரப்பு 0.334" என்று அடித்துச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1000 பட்டை போட்டபோதே மேல் கூடுதல், அதாவது பெரிய செவ்வகங்களின் மொத்தப் பரப்பு, 0.3338335 ஆகிவிட்டது, உண்மைப் பரப்பு அதைவிடக் குறைவு. ஆக 0.334 அடிபட்டுப் போயிற்று. "அப்போ 0.3334" என்பார். 10,000 பட்டை போடுங்கள். மேல் கூடுதல் 0.3334க்குக் கீழே இறங்கிவிடும். அதுவும் அவுட். 1/3ஐ விட எவ்வளவு சிறிதளவு கூட்டிச் சொன்னாலும், குறைத்துச் சொன்னாலும், அந்த எண்ணை வெளியே தள்ளும் அளவுக்குப் பட்டைகளைப் போட முடியும். 1/3 மட்டும் எப்போதும் உள்ளேயே இருக்கும்.

அது உள்ளேயே இருக்கும் என்பதற்கு ஆதாரம் வேண்டும். n பட்டை போட்டால் மேல் கூடுதல் (1² + 2² + … + n²)/n³. வர்க்கங்களின் கூடுதலுக்கு n(n+1)(2n+1)/6 என்ற வாய்பாடு உங்களுக்குத் தெரியும். ஆரியபட்டரின் ஆரியபட்டீயத்திலேயே இருக்கிற பழைய விதி அது. அதைப் போட்டு விரித்தால்:

மேல் கூடுதல் = 1/3 + 1/(2n) + 1/(6n²)
கீழ்க் கூடுதல் = 1/3 − 1/(2n) + 1/(6n²)

முதலாவது எந்த n-க்கும் 1/3ஐ விடப் பெரியது. இரண்டாவது எந்த n-க்கும் சிறியது. பரப்பு என்பது ஒரே ஒரு நிலையான எண். அது எல்லா மேல் கூடுதல்களுக்கும் கீழேயும் எல்லாக் கீழ்க் கூடுதல்களுக்கும் மேலேயும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்கக்கூடிய எண் 1/3ஐத் தவிர வேறு இல்லை. 'எல்லை' என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு கூடுதலும் தோராயம். அவை நெருங்குகிற எண் தோராயம் இல்லை. n-க்கு 'முடிவிலி'யைப் போட்டுப் பார்ப்பதாக நினைக்காதீர்கள். n எப்போதும் ஒரு சாதாரண முழு எண்தான்.

இதற்குள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசிப் பட்டையை மட்டும் எடுத்துப் பாருங்கள். 10 பட்டை போட்டபோது அதன் பெரிய செவ்வகம் 0.1, சின்னது 0.081, வித்தியாசம் 0.019. 100 போட்டபோது பெரியது 0.01, சின்னது 0.009801, வித்தியாசம் 0.000199. பட்டையின் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பிழையோ ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அகலமும் குறைகிறது, அந்தச் சின்ன அகலத்துக்குள் வளைவரை ஏறும் உயரமும் குறைகிறது. பிழைக்கு இரண்டு பக்கமும் அடி. பட்டைகள் பத்து மடங்கு கூடும்போது பரப்பு ஈடாகிவிடுகிறது, பிழை ஈடாவதில்லை. நீங்கள் பயந்த 'பூஜ்ஜியங்களின் கூட்டு' நடப்பது பிழைகளுக்குத்தான். அவற்றின் மொத்தம்தான் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், "படம் ஒட்டிப்போகிறது, அதனால் சரி" என்று சொல்வது போதாது. செவ்வகங்களின் மேல் விளிம்பைப் பாருங்கள், ஒரு படிக்கட்டு. (0,0)இலிருந்து (1,1) வரை அதன் நீளம் என்ன? கிடையாகப் போவது மொத்தம் 1, மேலே ஏறுவது மொத்தம் 1, ஆக 2. பத்து லட்சம் படி வைத்தாலும் 2தான். கண்ணுக்கு அது வளைவரையோடு ஒட்டியே தெரியும். ஆனால் வளைவரையின் உண்மை நீளம் சுமார் 1.479. நீளத்தைப் பொறுத்தவரை, படி சிறிதாகிற அதே விகிதத்தில்தான் பிழையும் சிறிதாகிறது. எண்ணிக்கை கூடும்போது பிழையும் ஈடாகிவிடுகிறது. அதனால்தான் செவ்வகங்கள் பரப்புக்கு உதவும், நீளத்துக்கு உதவாது. இந்தப் படிக்கட்டை வகுப்பில் போட்டுக் காட்டினால் முதல் வரிசை மாணவர்களே கொஞ்ச நேரம் வாயடைத்துப் போவார்கள்.

மேலும் கீழும் நெருங்கவே நெருங்காத சார்புகளும் உண்டு. x விகிதமுறு எண் என்றால் 1, விகிதமுறா எண் என்றால் 0 என்று ஒரு சார்பு வைத்தால், எவ்வளவு மெல்லிய பட்டைக்குள்ளும் இரண்டு வகை எண்களும் இருக்கும். மேல் கூடுதல் எப்போதும் 1, கீழ்க் கூடுதல் எப்போதும் 0. அந்தச் சார்புக்கு இந்த முறையில் தொகையே கிடையாது. உங்கள் பாடத்தில் வருபவை பெரும்பாலும் தொடர்ச்சியான சார்புகள் என்பதால் இந்தத் தொல்லை வராது.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ∫ என்பது நீட்டி எழுதிய S. 'கூட்டுத்தொகை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்து. 1675இல் லைப்னிட்ஸ் எழுதத் தொடங்கியது. x² என்பது உயரம், dx என்பது அகலத்தின் அடையாளம். தேர்வில் கோட்டைவிடுவதும் பெரும்பாலும் இந்த அகலத்தில்தான். x = 1 முதல் 3 வரை x²-இன் தொகையைக் கூடுதலின் எல்லையாகக் காணச் சொன்னால், அகலம் 2/n, வலது ஓரங்கள் 1 + 2k/n. பழக்கதோஷத்தில் அகலத்தை 1/n என்று எழுதினால் 13/3 வரும். தொடக்கப் புள்ளி 1ஐ மறந்து 2k/n என்று மட்டும் எழுதினால் 8/3 வரும். இரண்டும் பார்க்க ஒழுங்கான விடையாகவே தோன்றும்.

கண்டுபிடிக்க இரண்டே பட்டை போதும். 1 முதல் 2 வரை ஒன்று, 2 முதல் 3 வரை ஒன்று. கீழ்க் கூடுதல் 1 + 4 = 5, மேல் கூடுதல் 4 + 9 = 13. விடை இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தே ஆக வேண்டும். 13/3 என்பது 4.33, 8/3 என்பது 2.67, இரண்டுமே 5ஐத் தொடவில்லை. சரியாகப் போட்டால் வருவது 26/3, அதாவது சுமார் 8.67.