வட்டத்த மேட்டுப்பாளையத்துல இருந்து போடுங்க

அண்ணா, வணக்கம். கோத்தகிரி பக்கம் கிராமம், ஈசிஇ முடிச்சிருக்கேன். ஜாப் சைட்ல தேடினா சென்னையும் பெங்களூரும்தான் வருது. கோயமுத்தூர்ல சிட்கோ தொழிற்பேட்டை, ஐடி பார்க், செஸ்னு சொல்ற சிறப்புப் பொருளாதார மண்டலம் எல்லாம் இருக்குங்கறாங்க. வீட்டுக்கு எட்டுற தூரத்துல இருக்கற கம்பெனிகள எப்படி லிஸ்ட் எடுக்கறது?

தம்பி, மேப்ல கோத்தகிரிய நடுவுல வெச்சு வட்டம் போட்டா பாதி காட்டுலயும் டீ எஸ்டேட்லயும்தான் விழும். மேட்டுப்பாளையத்த நடுவுல வைங்க. கோத்தகிரில இருந்து அது வரைக்கும் 33 கிலோமீட்டர் காட் ரோடு, அத எப்படியும் இறங்கித்தான் ஆகணும். அங்கிருந்து துடியலூர் வழியா போனா சரவணம்பட்டி, கீரணத்தத்துல CHIL செஸ், இன்னும் தள்ளி விளாங்குறிச்சில எல்காட் செஸ், டைடல் பார்க் அங்கதான். குறிச்சி சிட்கோ பொள்ளாச்சி ரோட்டுல, ஊரையே தாண்டணும், அதுக்கு ரூம் எடுக்காம ஆகாது.

செஸ் லிஸ்ட்னு அரசு சைட்ல கிடைக்கறதுல பல பேரு ஏமாறுறாங்க. அதுல இருக்கறது இடத்த டெவலப் பண்ணவங்க பேரு. எல்காட்டுக்கு ரெஸ்யூம் அனுப்பி என்ன பண்றது, உங்களுக்கு வேல குடுக்கறது உள்ள வாடகைக்கு இருக்கற யூனிட்தான? அதுலயும் 2023 டிசம்பர்ல ரூல மாத்தி, ஐடி செஸ் பில்டிங்ல சில ஃப்ளோர பிரிச்சு செஸ்ல இல்லாத கம்பெனிக்கும் விடலாம்னு ஆக்கிட்டாங்க, அதனால செஸ் யூனிட் லிஸ்ட் கிடைச்சாலும் அதே லிஃப்ட்ல ஏறிப் போற சில கம்பெனி அதுல இருக்காது. பில்டிங் பேரப் போட்டுத் தேடுங்க, கம்பெனியோட கரியர்ஸ் பேஜ்ல அட்ரஸ் அந்த பில்டிங்தானான்னு பாருங்க, அப்புறம் எழுதிக்கங்க.

சிட்கோல கத வேற. பம்பு, மோட்டார், ஃபவுண்டரினு சின்னச் சின்ன ஷெட், பாதிக்கு வெப்சைட்டே இருக்காது. ஒரு தடவ நேர்ல போய் கேட் போர்ட ஃபோட்டோ எடுங்க. போர்டுல ஜிஎஸ்டி நம்பர் போடணும்னு ரூலே இருக்கு, நம்ம ஊர்னா 33ல ஆரம்பிக்கும். அத gst.gov.in-ல Search Taxpayer-ல அடிச்சா Active-ஆ Cancelled-ஆனு காட்டும். எனக்கு முக்கியமாப் படறது அதுக்குக் கீழ வர்ற Nature Of Core Business Activity. Manufacturer-னா உள்ள மெஷின் ஓடுற இடமா இருக்க வாய்ப்பு அதிகம், Trader-னா பெரும்பாலும் குடோன், உங்களுக்கு அங்க வேல இல்ல, லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. ஆனா ஒரே நம்பர்ல தமிழ்நாட்டுல இருக்கற எல்லா யூனிட்டும் ஓட்டலாம், அதனால Active-னு இருந்தும் நீங்க பாத்த ஷெட் பூட்டிக் கெடக்கலாம். வாசல்ல பைக் நிக்குதான்னு பாத்தா தெரிஞ்சுடும், வாட்ச்மேன் கிட்ட ஷிஃப்ட் எத்தன மணிக்கு விடுதுன்னும், ஆள கம்பெனியே எடுக்குதா கான்ட்ராக்டர் மூலமா எடுக்குதான்னும் கேட்டுக்கங்க.

ஈசிஇக்கு பம்பு கம்பெனில என்ன வேலன்னு நினைக்காதீங்க, கன்ட்ரோல் பேனல், மோட்டார் டிரைவ் பண்ற ஷெட்டுங்கள தனியா மார்க் பண்ணுங்க. முதல்ல கீரணத்தம் ஒண்ண முடிச்சுட்டு எழுதுங்க, குறிச்சிய அப்புறம் பாத்துக்கலாம்.