ஊருணியில் தண்ணீர் இருந்தும் பம்ப் எடுக்கவில்லை: வாசகர் கேள்விகள்

தீயணைப்பு நிலையத்தில் பல வருடம் பம்ப் ஓட்டியவன் நான். இந்த முறை ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் பல தண்ணீரை உறிஞ்சும் பக்கத்தைப் பற்றியவை. பம்ப் மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தேவிபட்டினம் பக்கத்திலிருந்து: சித்திரையில் ஒரு கூரை வீடு தீப்பற்றியது. 101-க்குச் சொல்லிவிட்டு பெட்ரோல் பம்பை ஊருணிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்ஜின் நன்றாக ஓடியது, தண்ணீர் வரவில்லை. பம்ப் பழுதா?

பம்பை எங்கே வைத்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். கரைக்கு வெளியே, ரோட்டோரம் என்றார். கோளாறு அங்கேதான்.

உறிஞ்சு குழாய் தண்ணீரிலிருந்து கரைமேல் ஏறி, மறுபடி பம்புக்கு இறங்கியிருக்கிறது. அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். சுற்றும் பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றை இழுக்கும் வலு குறைவு. நீங்கள் பம்பில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி நிரப்பினாலும், பம்பைவிட உயரத்தில் இருக்கும் அந்த மேடு நிரம்பாது. பம்பைக் கரை உச்சியிலோ, உட்சரிவில் மட்டமான இடத்திலோ வையுங்கள். தண்ணீரிலிருந்து பம்ப் வரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும், நடுவில் எங்கும் இறங்கக் கூடாது. தூரத்தை வெளியேறும் பக்கத்து ஹோஸில் கூட்டிக்கொள்ளலாம்.

அப்படி வைத்தும் வரவில்லையென்றால் இணைப்பில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். எனக்கே ஒருமுறை நேர்ந்தது. காய்ந்து வெடித்த வாஷர் ஒன்று, நகம் நுழையும் அளவுக்குத்தான் பிளவு. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றியதும் தண்ணீர் பிடித்தது. காதிலேயே கண்டுபிடிக்கலாம்: தண்ணீர் பிடிக்காத இன்ஜின் லேசாகக் கத்தும், பிடித்ததும் சத்தம் கனத்து இறங்கும். ஹோஸ் துப்பித் துப்பி அடித்தால் எங்கோ காற்று புகுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் வெறுமனே ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் சீல் கருகிவிடும்.

திருப்புல்லாணி பக்கத்திலிருந்து: கோடையில் ஊருணியில் முழங்கால் தண்ணீர்தான் கிடக்கும். அதை நம்பலாமா?

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 20 மீட்டருக்கு 20 மீட்டர், அரை மீட்டர் ஆழம் என்றால் 2 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 400 லிட்டர் எடுத்தாலும் 8 மணி நேரத்துக்கு மேல் கணக்கு வரும். ஆனால் கடைசிச் சொட்டு வரை எடுக்க முடியாது. குழாய் முனையில் இருக்கும் சல்லடைக்கு மேல் ஒரு அடித் தண்ணீராவது நிற்க வேண்டும். குறைந்தால் மேலே சுழி விழுந்து, அது வழியாகக் காற்று இறங்கிவிடும். சுழி தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

சல்லடை சேற்றில் படவும் கூடாது. ஓலைப் பெட்டிக்குள் வைத்து, வலையில் கட்டும் மிதவைகளால் தூக்கிக் கட்டுங்கள். ஊருணி வற்றும்போதே பம்ப் வைக்கும் இடத்துக்கு நேராக இடுப்பளவுக் குழி ஒன்று தோண்டி, பக்கமெல்லாம் துளை போட்ட டிரம்மை இறக்கி வைத்தால் முழங்கால் தண்ணீரும் உதவும்.

இன்னொன்று, தண்ணீர் மட்டத்திலிருந்து பம்ப் 3 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. 7 மீட்டரைத் தாண்டினால் எந்த பம்பும் திணறும். காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதற்கு அவ்வளவுதான் வலு.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்திலிருந்து: வயலுக்கு இறைக்கும் 2 இன்ச் பெட்ரோல் பம்ப் போதுமா?

எரிகிற வீட்டை அணைக்கப் போதாது, அடுத்த வீட்டைக் காப்பாற்றப் போதும். ஹோஸைத் திறந்தபடி விட்டால் தண்ணீர் கொட்டும், ஆனால் எட்டிப் போகாது. 12 மில்லிமீட்டர் நாசில் மாட்டுங்கள். நாசிலில் 2 பார் அழுத்தம் கிடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 135 லிட்டர் பாய்ந்து, பக்கத்துக் கூரையை எட்டும். கச்சான் காற்று அடிக்கும்போது பொறி பறக்கும் திசையில் உள்ள கூரைகளை முதலில் நனையுங்கள். அதற்கு முன்னால் கரண்டை நிறுத்தியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போகும் கம்பியில் தண்ணீர் பட்டால் நாசில் பிடிப்பவருக்கே ஆபத்து.

மண்டபம் பக்கத்திலிருந்து: கடல் தண்ணீர் எடுக்கலாமா?

அவசரத்துக்குத் தாராளமாக எடுக்கலாம், தீ நன்றாகவே அணையும். ஆனால் உப்புத் தண்ணீரில் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும் என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கே இரட்டிப்பு. வேலை முடிந்த அன்றைக்கே நல்ல தண்ணீரில் 10 நிமிடம் பம்பை ஓட்டிக் கழுவி, அடித் திருகைத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உள்ளே உப்பு பூத்து விசிறி இறுகிக் கிடக்கும், கயிற்றை இழுத்தாலும் அசையாது.