அத்லெட் மோடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கொழுப்பு சதவீதமும் காட்டும் எடை மெஷினில், விளையாட்டு வீரர்களுக்கான அத்லெட் மோடு போட்டால் எடை குறைத்துக் காட்டுமா? (கீழக்கரை)

காட்டாது. எடை எடைதான். கொழுப்பு, தசை, நீர்ச்சத்து, கலோரி எண்கள்தான் மாறும்.

விசைப்படகில் வேலை. வலை இழுத்து இழுத்து உடம்பு இறுகிப்போச்சு. அத்லெட் மோடு போடலாமா? (பாம்பன்)

வயதும் எழுதவில்லை, உயரமும் எழுதவில்லை. எதை வைத்துச் சொல்ல? பல மெஷின்களின் கையேடு கேட்பது வாரம் 10 மணி நேரமாவது மூச்சு வாங்கும் பயிற்சி, ஓய்வில் நாடித்துடிப்பு 60 அல்லது அதற்குக் கீழே. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடியை எண்ணிப் பாருங்கள். 60க்கு மேல் என்றால் சாதாரண மோடே போதும். எந்த மோடானாலும் கடைசி வரை அதிலேயே இருங்கள்.

ஜிம்மில் 3 மாதத்தில் கொழுப்பு 22 சதவீதத்திலிருந்து 16க்கு வந்துவிட்டது. எடை அதே 70 கிலோ. ஆனால் பேன்ட் லூசாகவில்லையே? (தொண்டி)

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. 70 கிலோவில் 22 சதவீதம் என்றால் சுமார் 15 கிலோ கொழுப்பு, 16 என்றால் 11 கிலோ. அதாவது 4 கிலோ கொழுப்பு கரைந்து, அதே அளவு தசை ஏறியிருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் இடுப்பு கட்டாயம் சுருங்கியிருக்கும். முதல் நாள் சாதாரண மோடில் ஏற்றிவிட்டு, இப்போது அத்லெட் மோடில் ஏற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதை நானே ஒரு ஜிம்மில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பணம் கட்டியவரை இப்படி ஏமாற்றுவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

மெஷின் அளப்பது உங்கள் கொழுப்பை அல்ல. பாதம் வழியாகச் சின்ன மின்சாரம் அனுப்பி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. அந்தத் தடையோடு உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பைக் கணிக்கிறது. பொதுமக்களை வைத்துப் போட்ட சூத்திரம், தசை கூடிய விளையாட்டு வீரருக்குக் கொழுப்பைக் கூட்டிக் காட்டிவிடும். அதற்காகத்தான் அவர்களுக்குத் தனிச் சூத்திரம். மோடு மாற்றினால் மின்தடை மாறுவதில்லை, கணக்குதான் மாறுகிறது.

சோதிப்பது சுலபம். ஒரு மோடில் ஏறுங்கள், இறங்கி அடுத்த மோடுக்கு மாற்றி உடனே ஏறுங்கள். இரண்டு நிமிடத்தில் 5, 6 சதவீதம் கொழுப்பு காணாமல் போனால் விஷயம் புரிந்துவிடும். அப்புறம் பழைய மோடிலேயே அளக்கச் சொல்லி, இடுப்பளவையும் டேப்பில் எழுதி வையுங்கள்.

மகனுக்கு 16 வயது, கபடி ஆடுகிறான். போடலாமா? (மண்டபம்)

வேண்டாம். அந்தச் சூத்திரம் 18 வயது நிறைந்தவர்களுக்கானது.

தினமும் கடலில் நீந்திவிட்டு வந்த கையோடு ஏறுகிறேன். நாளுக்கு நாள் எண் தாறுமாறாக வருகிறது. (ராமேஸ்வரம்)

உப்புத்தண்ணீர் சொட்டும் காலோடு ஏறினால் வேறெப்படி வரும்? நீந்தி உடம்பில் நீர் குறைந்திருந்தாலும் தடை கூடி, கொழுப்பு அதிகமாகக் காட்டும். இதற்கு மோடு மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. காலையில் கடலுக்குப் போகும் முன், கழிவறை போய்விட்டு, சுத்தமான காலோடு, அதே மோடில் ஏறுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் இதில் ஏறவே விடாதீர்கள்.