பெட்டிக்கு விலை கேட்கும் முன் பெட்டியைச் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் தொழில் நடத்துகிறோம். ஒரு லிட்டர் பாட்டில் 12 அடங்கும் அட்டைப்பெட்டிக்கு மூன்று இடங்களில் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் கேட்டேன். ஒருவர் 28 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 41 ரூபாய் என்கிறார், மூன்றாமவர் பதிலே போடவில்லை. எதை நம்புவது? எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

பதில்: அந்த இரண்டு விலைகளும் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு பெட்டிகளுக்கானவை. தாளின் தரம், உள்ளே பார்டிஷன் உண்டா என்பது, அச்சு, வண்டி வாடகை ஆகியவற்றை நீங்கள் சொல்லாதபோது, ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு பெட்டியை மனத்தில் வைத்து விலை போட்டிருப்பார்கள். பதில் போடாதவர் ஒருவேளை கவனமானவராகவும் இருக்கலாம்; விவரம் இல்லாத விசாரணையை, விலை தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிறார்கள் என்று எண்ணி ஒதுக்கிவிடும் வழக்கம் பெட்டித் தயாரிப்பாளர்களிடம் உண்டு.

முதலில் அளவைப் பார்ப்போம். உங்கள் பாட்டில் 85 மி.மீ. அகலமும் மூடியுடன் 270 மி.மீ. உயரமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு மூன்றாக அடுக்கினால் 340 மி.மீ. நீளமும் 255 மி.மீ. அகலமும் பாட்டில்களுக்கே தேவைப்படும். பார்டிஷன் தகடுகளின் தடிமனுக்கும், பாட்டில் சிரமமின்றி உள்ளே இறங்குவதற்கும் இடம் விட்டால் 355 × 270 × 275 மி.மீ. என்று வரும். இதைக் கட்டாயம் "உள் அளவு" என்று குறிப்பிட வேண்டும். 5 பிளை அட்டையின் தடிமன் சுமார் 6 மி.மீ. என்பதால் வெளி அளவு நீள அகலங்களில் ஏறத்தாழ 12 மி.மீ. கூடுதலாகும், உயரத்தில் மேலும் கீழும் மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் வேறுபாடு இன்னும் அதிகம். நீங்கள் சொன்ன எண்ணைத் தயாரிப்பாளர் வெளி அளவாக எடுத்துக்கொண்டால், வந்து இறங்கும் 1,000 பெட்டிகளிலும் பாட்டில் பிதுங்கும்.

அடுத்தது தாள். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 5 பிளை என்பது மூன்று சமதளத் தாள்களும் அவற்றுக்கு இடையே இரண்டு நெளிவுத் தாள்களும் சேர்ந்த அட்டை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு சதுர மீட்டரின் எடையான ஜிஎஸ்எம்மையும், வெடிப்பு வலிமையைக் காட்டும் பிஎஃப் எண்ணையும் குறிப்பிட வேண்டும். வெளித்தாள் 180 ஜிஎஸ்எம், 20 பிஎஃப்; மற்ற நான்கு தாள்களும் 120 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் என்று எழுதலாம். எண்ணெய் நிரம்பிய 12 பாட்டில்கள் கிட்டத்தட்ட 11.5 கிலோ இருக்கும். கிடங்கில் ஆறு பெட்டி உயரம் அடுக்கினால் அடிப்பெட்டியின் மேல் 60 கிலோவுக்கு நெருங்கிய பாரம் நிற்கும். இந்தச் செய்தியையும் விலை கேட்டு அனுப்பும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். தாளின் தரம் உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால், பாரத்தைச் சொல்லி, அதற்கேற்ற தாளை அவர்களையே எழுதச் சொல்லலாம். அப்போது மூவரும் எழுதித் தரும் தரத்தை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மட்டும் இறுதி விலையைக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். இந்த அளவுள்ள பெட்டிக்கு விரித்த அட்டை சுமார் 1,320 × 560 மி.மீ., அதாவது ஏறத்தாழ 0.74 சதுர மீட்டர். சமதளத் தாள் மூன்றும் சேர்ந்து 420 கிராம். நெளிவுத் தாள் ஒரு மீட்டர் அட்டைக்குச் சுமார் 1.4 மீட்டர் செலவாவதால், இரண்டும் சேர்ந்து 336 கிராம். ஆக ஒரு சதுர மீட்டருக்கு 756 கிராம், ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 560 கிராம். பசையும் சேர்ந்தால் சற்றுக் கூடும். ஆகவே "காலிப்பெட்டியின் எடை, பார்டிஷன் இல்லாமல்" என்று ஒரு வரியை விலைப்புள்ளியில் கேட்டு வாங்குங்கள். 28 ரூபாய் சொன்னவரின் பெட்டி 420 கிராம்தான் என்றால் கிலோவுக்கு அவர் கேட்பது சுமார் 67 ரூபாய். 41 ரூபாய்ப் பெட்டி 580 கிராம் இருந்தால் கிலோவுக்குச் சுமார் 71 ரூபாய். மலிவாகத் தோன்றிய விலையின் பெரும்பகுதி குறைந்த தாள்தான் என்பது அப்போது தெரிந்துவிடும்.

எண்ணிக்கையை "மொத்தமாக வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஒரே அச்சு ஓட்டத்தில் 1,000 பெட்டிகள் செய்வதற்கும் 5,000 செய்வதற்கும் விலை மாறும். ஆண்டுக்கு 12,000 பெட்டி, மாதம் 1,000 வீதம் எடுப்பதாக இருந்தால் அதை அப்படியே எழுதி, 1,000, 3,000, 5,000 என மூன்று எண்ணிக்கைகளுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். ஆனால் எடுக்காத எண்ணிக்கையைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பது அடுத்த ஆண்டு உங்களுக்கே வினையாகும். அனுப்பும் எண்ணிக்கையில் 5 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாமா என்பதையும் நீங்களே முடிவு செய்து எழுதிவிடுங்கள்.

இவற்றைச் சேர்த்தால் கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி அமையும்:

"5 பிளை அட்டைப்பெட்டி, உள் அளவு 355 × 270 × 275 மி.மீ.; வெளித்தாள் 180 ஜிஎஸ்எம் 20 பிஎஃப், ஏனைய நான்கு தாள்கள் 120 ஜிஎஸ்எம் 18 பிஎஃப்; இரண்டு பக்கங்களில் ஒரு நிற அச்சு, மாதிரி இணைக்கப்பட்டுள்ளது. 3 பிளை பார்டிஷன், ஒரு பெட்டிக்கு நீளத் தகடு 2, குறுக்குத் தகடு 3. இதன் விலையைத் தனியே குறிப்பிடவும். அச்சு பிளாக்கிற்கான ஒருமுறைச் செலவு, ஜிஎஸ்டி, ஈரோடு கிடங்கு வரையிலான வண்டி வாடகை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளில் தரவும். காலிப்பெட்டியின் எடையைக் குறிப்பிடவும். பணம், சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட 30 நாட்களுக்குள் செலுத்தப்படும்."

பணம் தரும் நாளை மனம்போல நீட்டி எழுத வேண்டாம். விற்பவர் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது.

பதில் தேதியைத் தேவைப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஜூலை 15 அன்று பெட்டி கிடங்கில் இருக்க வேண்டும் என்றால், பிளாக் செய்து, மாதிரி காட்டி, தயாரித்து அனுப்ப இரண்டு வாரமாவது விட வேண்டியிருக்கும். எனவே ஜூன் 28க்குள் ஆர்டர் போக வேண்டும். மூன்று விலைகளையும் ஒப்பிட ஒரு வாரம் விட்டால், பதில் வந்து சேர வேண்டிய நாள் ஜூன் 20. ஜூன் 10 அன்று கடிதம் அனுப்பி, "ஐயங்களை 14ஆம் தேதிக்குள் கேட்கவும், விலைப்புள்ளி 20ஆம் தேதி மாலை 5 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்கு வர வேண்டும், விலை ஜூலை 10 வரை செல்லுபடியாக வேண்டும்" என்று எழுதுங்கள். கடைசி வாசகம் இல்லாவிட்டால், தாள் விலை ஏறிவிட்டது என்ற பதில் ஆர்டர் போடும் நாளில் வந்து நிற்கலாம். "விரைவில் அனுப்பவும்" என்ற சொல்லுக்கு யாரும் அவசரப்படுவதில்லை. ஒருவர் கேட்ட ஐயத்துக்கு நீங்கள் தரும் விளக்கத்தை மற்ற இருவருக்கும் அதே நாளில் அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் மூவரும் மூன்று பெட்டிக்கு விலை தருவார்கள்.

தேர்ந்தெடுத்தவரின் விலைப்புள்ளியிலுள்ள அளவு, தாள், எடை ஆகியவற்றை ஆர்டரிலும் அப்படியே எழுதி, எடையில் 5 சதவீத ஏற்ற இறக்கம் ஏற்கப்படும் என்று சேர்க்கவும். காற்றின் ஈரத்தால் தாளின் எடை சற்று மாறுவது இயல்பு. முதல் லோடு வந்ததும் வெவ்வேறு கட்டுகளிலிருந்து 10 பெட்டிகளை உருவித் தராசில் வைத்துப் பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்திடுங்கள்.