தூணுக்கு இடையே இருக்கும் இடமும் மொட்டை மாடியும்: கட்டுநர் எதை விற்கலாம்?

கேள்வி: சென்னைப் புறநகரில் 12 வீடுகள் கொண்ட புதிய குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். தரைத்தளத்தில் தூண்களுக்கு இடையே கார் நிறுத்த 3.5 லட்சம் ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள். அதற்குத் தனி முத்திரைத்தாளில் எழுதித் தருவார்களாம். மொட்டை மாடியை மூன்றாம் மாடி வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் தரகர் சொல்கிறார். இதெல்லாம் செல்லுமா? பத்திரம் முடிக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பத்திரம் முடிக்க வேண்டாம். பணம் கொடுத்துவிட்டு வழக்கு நடத்துவதைவிட, கொடுக்காமல் நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்குவது எளிது.

முதலில் அந்த முத்திரைத்தாள். அசையாச் சொத்தின் மீதான உரிமை 100 ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் மூலம்தான் கைமாற முடியும். 3.5 லட்சத்துக்கான உரிமையைப் பதிவு செய்யாத ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அதை வைத்து நாளை உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட நீங்கள் வாதாட முடியாது. தரகர்களுக்கு இந்தத் தாள் மிகவும் பிடித்தமானது. தொகை ரொக்கமாகப் போகும், கணக்கில் வராது, ஒரே இடத்தை இருவருக்கு எழுதினாலும் உடனே தெரியாது. என்னிடம் வந்த ஒரு குடியிருப்பில் அனுமதி வரைபடத்தில் 10 கார்களுக்கு இடம் இருந்தது. 13 பேரிடம் ஒதுக்கீட்டுக் கடிதம் இருந்தது. பதின்மூன்றாவது ஆளுக்குக் கிடைத்தது தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் தூணுக்கும் இடையிலான சந்து. காரை உள்ளே விட்டால் கதவைத் திறந்து இறங்க முடியாது.

சட்டம் சொல்வது இதுதான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, பொது இடங்கள் எவை என்று பட்டியலிடுகிறது: நிலம், படிக்கட்டு, லிப்ட், பொது அடித்தளம், மொட்டை மாடி, பூங்கா, திறந்தவெளி வாகன நிறுத்தம். இவை எல்லா வீட்டுக்காரர்களுக்கும் சேர்ந்து உரியவை. தூண் தளத்தைப் பற்றி 2010-இல், மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தூண் தள வாகன நிறுத்தம் வீடும் அல்ல, கராஜும் அல்ல, கட்டுநர் அதைத் தனிச் சொத்தாக விற்க முடியாது.

அப்படியானால் கூரைக்குக் கீழே உள்ள இடத்துக்குக் காசே வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டோடு சேர்த்து இன்ன எண் இடம் என்று ஒதுக்கி, அதைக் கட்டுநர் வீட்டின் மொத்த விலைக்குள் எழுதிக் கேட்கலாம். உங்கள் கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் அந்த எண் இருக்க வேண்டும். வரைபடத்திலும் அதே எண் இருக்க வேண்டும். அது உங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை. நாளை வீட்டை வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் வெளியாளுக்கு விற்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறார்கள். கராஜ் என்றால் விற்கலாம். சட்டம் கராஜ் என்று எதைச் சொல்கிறது? கூரை இருக்க வேண்டும், மூன்று பக்கம் சுவர் இருக்க வேண்டும். தூண் சுவர் ஆகாது. இரும்பு வலை சுவர் ஆகாது. இரண்டு தூணுக்கு நடுவே சங்கிலி மாட்டிப் பெயர்ப்பலகை தொங்கவிட்டாலும் ஆகாது. "ஒரு பக்கம் காம்பவுண்ட் சுவர், ஒரு பக்கம் படிக்கட்டுச் சுவர், பின்னால் மோட்டார் அறைச் சுவர், மூன்று ஆகிவிட்டதே சார்" என்று ஒரு கட்டுநரே என்னிடம் எண்ணிக் காட்டினார். அனுமதி வரைபடத்தில் அந்த இடம் கராஜ் என்று அடைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. சென்னை அடுக்குமாடிகளில் இருக்கவும் இருக்காது. தூண் தளத்தைத் திறந்து விட்டால்தான் அது தளப்பரப்புக் கணக்கில் சேராது. சுவர் எழுப்பி அடைத்தால் கணக்கில் சேர்ந்து, மேலே ஒரு வீடு குறையும். அந்த நஷ்டத்துக்கு எந்தக் கட்டுநர் சம்மதிப்பார்? அனுமதி வாங்கும்போது திறந்த தளம், விற்கும்போது கராஜ் என்பதை ஏற்காதீர்கள்.

மொட்டை மாடிக்கு வருவோம். அங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, லிப்ட் அறை இருக்கிறது, இடிதாங்கி இருக்கிறது. சாவி ஒருவரிடம் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு குடியிருப்பில் நேரில் பார்த்தேன். தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் ஒழுகுகிறது, வால்வை மூட மேலே போக வழியில்லை, பூட்டியவர் வெளியூரில். அவரிடம் பதிவு செய்த ஆவணம் இருந்தது. கட்டுநருக்கே விற்க உரிமை இல்லாததை வாங்கிப் பதிவு செய்திருந்தார், அவ்வளவுதான்.

இந்த விற்பனைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். அதை நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் குடியிருப்பு 3 கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி நிலத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு வீடுகள் 12 என்றால் ஒவ்வொருவருக்கும் நிலத்தில் சேரும் பங்கு, அதாவது பிரிக்கப்படாத பாகம், 600 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 560 என்று எழுதுவார்கள். யாரும் 40 சதுர அடிக்குச் சண்டை போட மாட்டார்கள். ஆனால் 12 வீட்டிலும் பிடித்த 40 சேர்ந்தால் 480 சதுர அடி. அது நில உரிமையாளர் பெயரிலோ, அவருடைய பொது அதிகார முகவரான கட்டுநர் கையிலோ சத்தமில்லாமல் நிற்கும். நான்கு ஆண்டு கழித்து, "எனக்கும் நிலத்தில் பாகம் இருக்கிறது" என்று மாடியில் ஒரு தளம் எழுப்ப வருவார். அல்லது அந்த 480-ஐ மாடி வாங்கியவருக்கு எழுதித் தருவார்.

எனவே tnreginet.gov.in தளத்தில் அந்த நிலத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்து, இதுவரை பதிவான பத்திரங்களில் உள்ள பாகங்களைக் கூட்டுங்கள். விற்காத வீடுகளுக்கு உரியதையும் சேர்த்து மொத்தம் 7,200 வருகிறதா என்று பாருங்கள். பதிவு அலுவலகத்தில் இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. மொட்டை மாடி விற்பனைப் பத்திரம் வந்தால், அனுமதி வரைபடத்தில் அது பொது இடமா என்று கேட்பதும் இல்லை. கட்டணம் செலுத்தினால் முத்திரை விழுந்துவிடுகிறது. அந்த மேசையில் ஐந்து நிமிடத்தில் தடுக்கக்கூடியதை, பிறகு பன்னிரண்டு குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கித் தடுக்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக இதைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அடுத்தது உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்கள். "மேல்தளத்தில் வருங்காலக் கட்டுமானத்துக்கு வாங்குபவர் ஆட்சேபம் தெரிவிக்க மாட்டார்" என்ற வரி எங்காவது இருக்கும். அடித்துவிடச் சொல்லுங்கள். அனுமதித்த வரைபடத்தையோ பொது இடத்தையோ மாற்ற, கட்டுநரைத் தவிர்த்து, வீடு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் முன் எழுத்துச் சம்மதம் தேவை. எத்தனை வீடு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு கணக்குதான். உங்கள் 12 பேரில் 8 பேர், இன்ன மாற்றம் என்று தெரிந்து கையெழுத்திட வேண்டும். வாங்கும் நாளிலேயே வெற்றுக் காசோலை போல வாங்கிய வரியைக் காட்டி அதைச் சமாளிக்க விடாதீர்கள்.

இந்த வாரமே கட்டுநருக்குக் கடிதம் எழுதி நான்கும் கேளுங்கள்: கார் இடங்கள் எண்ணிட்ட அனுமதி வரைபடம், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், வீடுவாரியாகப் பாகப் பட்டியல், மூன்றாம் மாடிக்காரரின் பத்திர நகல். கடைசியைத் தர மறுத்தால், ஆவண எண் வில்லங்கச் சான்றிலேயே இருக்கும். பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். மாடி அதில் உண்மையிலேயே எழுதப்பட்டிருந்தால், கட்டுநர் அவரோடு சேர்ந்து ரத்துப் பத்திரம் பதிவு செய்து கொடுத்த பிறகே உங்கள் கிரையம். மறுத்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் ரெராவில் புகார் கொடுங்கள். "இன்னொருவர் நாளை டோக்கன் போட வருகிறார்" என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த இன்னொருவருக்கும் இதே நான்கு காகிதங்கள் தேவை என்று சொல்லிவிடுங்கள்.